ஐந்து பேருக்கு ஒரு கால்வாய்

குழு பிரசன்டேஷன் என்றதும் எங்கள் வகுப்பில் வழக்கமாக நடப்பது இதுதான். மொத்த நேரத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ரோல் நம்பர் வரிசையில் பாகங்களைக் கொடுப்பார்கள். பிபிடி செய்யத் தெரிந்தவர் தலையில் ஸ்லைடு வேலை விழும். இங்கிலீஷ் சரளமாகப் பேசுபவருக்குத் தொடக்கமும் முடிவும் போகும். இருபது நிமிடம், ஐந்து பேர், ஆளுக்கு நாலு நிமிடம். கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் பாகங்கள் ஒரே எடையில் இருப்பதில்லையே. முதல் செமஸ்டரில் மற்றக் குழுக்கள் பேசும்போது பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வெறும் அறிமுகம், அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி மூன்று நிமிடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சொன்னதையே திரும்பச் சொல்வார். அடுத்தவருக்கு எண்களும் அட்டவணைகளும் நிறைந்த பாகம், தலையைத் தூக்காமல் தாளைப் பார்த்தே படிப்பார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஸ்லைடு செய்தவர் லேப்டாப் பக்கத்தில் நின்று அம்புக்குறியை அழுத்திக்கொண்டிருப்பார். மதிப்பெண் போடும் மேடத்துக்குக் கண்ணில் படுவது பேசுகிறவர் மட்டும்தான். நேரம் சமம், வேலை சமமில்லை, மதிப்பெண் அதைவிடச் சமமில்லை.

இரண்டாம் ஆண்டு பி.காமில் சுற்றுச்சூழல் பாடத்துக்கு எங்கள் குழுவுக்கு வந்த தலைப்பு, சென்னையில் பக்கிங்காம் கால்வாய், அன்றும் இன்றும். மொத்தம் 50 மதிப்பெண். அதில் 30 குழுவுக்குப் பொது, 20 தனித்தனியாக. இருபது நிமிடம் பேச வேண்டும், அப்புறம் கேள்விகள். யாரிடமும் எந்தப் பாகத்திலிருந்தும் கேள்வி வரும் என்று மேடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தமிழிலோ இங்கிலீஷிலோ பேசலாம், ரிப்போர்ட் மட்டும் இங்கிலீஷில் இருக்க வேண்டும். எங்கள் ஐந்து பேரை ஊர்ப் பெயராலேயே சொல்கிறேன், வகுப்பிலும் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்: பெரம்பூர், கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர், அப்புறம் வண்ணாரப்பேட்டையிலிருந்து நான்.

முதலில் தலைப்பைத்தான் வெட்டினோம், ஆட்களைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த வரிசை முக்கியம். யார் யார் என்ன செய்வது என்று முதலில் பேசினால், ஆளுக்குத் தகுந்த மாதிரி தலைப்பு வளைந்துவிடும், நடுவில் ஓட்டை விழும். ஒவ்வொரு பாகமும் ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ‘அறிமுகம்’, ‘முடிவுரை’ என்று தனிப் பாகமே கிடையாது, அவை பேசுவதற்கு ஒன்றுமில்லாத பாகங்கள். கால்வாயை யார், எதற்கு வெட்டினார்கள்? அது எப்படி வேலை செய்தது? ஏன் படகுகள் நின்றன? இப்போது நகரத்துக்குள் அதன் நிலை என்ன? இனிமேல் அதை என்ன செய்யலாம் என்று திட்டங்கள் இருக்கின்றன? ஐந்து கேள்வி, ஐந்து பாகம். ஐந்து பேர் என்பதால் ஐந்தாக வெட்டவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டினோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு எடை போட்டோம். ஒன்று, தயாரிக்க எவ்வளவு வேலை. இன்னொன்று, நின்று பேச எவ்வளவு கஷ்டம். இரண்டும் வேறு வேறு என்பது எழுதிப் பார்க்கும் வரை யாருக்கும் தோன்றாது.

முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாயை வெட்ட ஆரம்பித்தார். 1837-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரையே கால்வாய்க்கு வைத்தார்கள். படிக்க நிறைய கிடைக்கும், நூலகத்திலேயே உட்கார்ந்து முடித்துவிடலாம். பேசுவதும் கதை சொல்வதுதான். தயாரிப்பு நடுத்தரம், பேச்சு சுலபம்.

இரண்டாவது நேர்மாறு. கடலோரமாகவே ஓடும் உப்புநீர்க் கால்வாய், அலை ஏற்ற இறக்கத்தோடு தண்ணீர் ஏறி இறங்கும், அதைச் சமாளிக்க மதகுக் கதவுகள். உப்பும் விறகும் அரிசியும் ஏற்றிய படகுகள் எப்படி வந்து போயின என்பதைப் படம் போட்டுச் சொன்னால்தான் புரியும். விஷயம் கொஞ்சம்தான், ஆனால் புரிய வைப்பது கஷ்டம். தயாரிப்பு குறைவு, பேச்சு கடினம்.

மூன்றாவதில் 1965, 66 புயல்கள், சாலையும் ரயிலும் சரக்கை இழுத்துக்கொண்டது, 2004 சுனாமி அன்று கால்வாய் அலையின் ஒரு பகுதியைத் தாங்கியது எல்லாம் வரும். இரண்டு எடையும் நடுத்தரம். நான்காவது, இன்றைய நிலை. பறக்கும் ரயிலின் முதல் கட்டம் 1995-97-இல் வந்தபோது திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் இறங்கின. வடசென்னையில் கழிவுநீரும் குப்பையும். நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும், தண்ணீர்த் தரம் பற்றிய எண்கள் தேட வேண்டும். இதுதான் இரண்டு தட்டிலும் கனமான பாகம். ஐந்தாவது சின்னது. 2008-இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது, தூர்வாருதல், நடைபாதை என்று அவ்வப்போது வரும் யோசனைகள், அவ்வளவுதான். ஆனால் கேள்வி நேரத்தில் பாதிக் கேள்வி இதிலிருந்துதான் வரும், ‘அப்ப என்னதான் பண்ணணும்?’ என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

இதை ஒரு நோட்டுத் தாளில் எழுதி முடித்ததும், ஆளுக்கு நாலு நிமிடம் என்ற பேச்சு தானாகவே நின்றுபோனது.

அடுத்து யாருக்கு எது வரும் என்ற பேச்சு. இதில் நாங்கள் யாருடைய பலத்தையும் வாயால் கேட்கவில்லை. கேட்டால் ‘எதுனாலும் ஓகேபா’ என்றுதான் பதில் வரும், அல்லது எல்லோரும் ஒருவரையே பார்த்து ‘நீ நல்லா பேசுவ’ என்பார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்து, பத்து நிமிடம் படித்துவிட்டு, தாள் இல்லாமல் இரண்டு நிமிடம் சொல்லச் சொன்னோம். சொல்லி முடித்ததும் மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கேள்வி. கல்லூரி மரத்தடியில் அரை மணி நேரத்துக்குமேல் ஆகவில்லை, ஆனால் அதில் தெரிந்த விஷயங்கள் பல மாத நட்பில் தெரியாதவை.

பெரம்பூருக்கு இங்கிலீஷ் சரளம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறுக்கே கேள்வி கேட்டால் கோர்வை அறுந்துபோகும், மறுபடி தொடங்க நேரமாகும். கொருக்குப்பேட்டைத் தோழி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆனால் தரையில் குச்சியால் கோடு போட்டு, தண்ணீர் எப்படித் தேங்குகிறது, எப்படி இறங்குகிறது என்று தமிழில் அவள் சொன்னபோது கேள்வி கேட்க எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. காசிமேட்டுக்காரன் அழகாகச் சொல்லுவான், ஆனால் எண்கள் மறந்துவிடும். எண்ணூர் பேசும் வேகத்தில் இரண்டு நிமிடப் பேச்சு ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் படம் எடுப்பதும் அந்தப் படத்தைக் காட்டிப் பேசுவதும் அவனுக்குக் கைவந்த கலை. எனக்குத் தயார் செய்து பேசுவதைவிடக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

பலம் என்பதில் ஒழிகிற நேரத்தையும் சேர்க்க வேண்டும், இதைப் பல குழுக்கள் மறந்துவிடும். காசிமேட்டுக்காரன் விடிவதற்கு முன்பே அப்பாவோடு துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்பவன். மதியத்துக்குமேல் அவனால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. மாலையில் கூடி உட்கார்ந்து செய்யும் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் ‘அவன் வரவே மாட்டேங்கிறான்’ என்று குறை சொல்வது நியாயமில்லை. தனியாகச் செய்து முடிக்கக்கூடிய பாகம்தான் அவனுக்குச் சரி.

இனிதான் பங்கு. ஆளுக்கொரு சீட்டில், எந்தப் பாகத்தை எடுத்துக்கொள்ளத் தயார் என்று ஒன்றே ஒன்று எழுதி மடித்துப் போட்டோம். வாய்விட்டுச் சொன்னால் முதலில் சொல்கிறவருக்குத்தான் கிடைக்கும், கூச்சப்படுகிறவர் மிச்சத்தை எடுத்துக்கொள்வார். சீட்டுகளைப் பிரித்தால் வரலாற்றுப் பாகத்துக்கு இரண்டு சீட்டு, பெரம்பூரும் நானும். மதகும் படகும் கொருக்குப்பேட்டை. புயலும் சுனாமியும் காசிமேடு, கடலைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசிப் பாகம் எண்ணூர், சின்னது என்பதால். இன்றைய நிலைக்கு ஒரு சீட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் குழுக்கள் உடையும். யாரும் எடுக்காத பாகத்தை யார் தலையிலாவது கட்டுவார்கள். எங்களிலும் அது நடக்கப் பார்த்தது. பெரம்பூர், கொருக்குப்பேட்டையைப் பார்த்து, “நீ கால்வாய் பக்கத்துலயேதானே இருக்க, உனக்குத்தான் இது நல்லா தெரியும்” என்றாள். பார்த்தால் நியாயமான பேச்சுதான், பலத்துக்கு ஏற்ற பாகம். அவள் சொன்ன பதில்: “எங்க வீட்டாண்ட அடிக்கிற நாத்தத்த நானே படம் போட்டு அம்பது பேர் முன்னாடி காட்டணுமா? நாளைக்கு அவங்க என்னைப் பாக்கும்போது அதான ஞாபகம் வரும்.” அதற்குப்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியும் என்பதும், அதை அவர் மேடையில் சொல்லத் தயார் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். மீனவர் வீட்டுப் பையனிடம் மீன்பிடித் தொழிலையும், துப்புரவுத் தொழிலாளியின் மகளிடம் கழிவுநீரையும் பலம் என்ற பெயரில் தள்ளுவது வடசென்னைக் கல்லூரிகளில் அடிக்கடி நடக்கும். கேட்டுவிட்டுக் கொடுங்கள். காசிமேட்டுக்காரன் தானாகவே புயலைக் கேட்டு எழுதியிருந்தான், அது வேறு.

ஆளைத் தள்ளுவதற்குப் பதில் பாகத்தின் எடையை மாற்றினோம். யாரும் தொடாத பாகம் என்றால் அது அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறது, இரண்டு பேர் கேட்கும் பாகம் என்றால் அது லேசாக இருக்கிறது. அதனால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்துவிட்டு மறுபடி சீட்டு போட வேண்டும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால், எல்லோரும் கேட்கும் பால்கனி அறைக்கு வாடகையைக் கூட்டி, யாரும் கேட்காத சமையலறை ஓர அறைக்குக் குறைத்துக்கொண்டே போவார்களே, அதேதான். எளிய சில நிபந்தனைகள் இருந்தால், ஆளுக்கொரு அறை பிடித்துப்போகும்படியான வாடகைப் பிரிப்பு கட்டாயம் உண்டு என்று பிரான்சிஸ் சு என்ற கணித அறிஞர் 1999-இல் வெளிவந்த கட்டுரையில் காட்டியிருக்கிறார். பி.காம் மாணவர்களுக்கு அந்த நிரூபணம் தேவையில்லை, யோசனை மட்டும் போதும்.

இன்றைய நிலைப் பாகத்திலிருந்து முதலில் தண்ணீர்த் தர எண்களை எடுத்துவிட்டோம். இருபது நிமிடப் பேச்சில் ஆக்சிஜன் அளவு அட்டவணையை யாரும் நினைவில் வைக்கப்போவதில்லை, ஒரு ஸ்லைடில் காட்டிவிட்டு ரிப்போர்ட்டில் வைத்தால் போதும். அப்புறம் நேரில் போகும் வேலையை ஒருவர் தலையிலிருந்து இறக்கி, ஐந்து பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவது என்று ஆக்கினோம். மூன்றே இடம்: எண்ணூரில் கால்வாய் கொசஸ்தலை ஆற்றைச் சேரும் பக்கம், கொருக்குப்பேட்டை, திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் தூண்கள். வீடுகளும் ஆட்களும் படத்தில் வரக்கூடாது, தண்ணீர், கரை, பாலம், தூண் மட்டும் என்று ஒரு விதி. அந்த விதியைச் சொன்னது கொருக்குப்பேட்டை.

வரலாற்றுப் பாகத்தின் எடையைக் கூட்டினோம். அதை எடுப்பவர்தான் மேடை ஏறியதும் குழுவை அறிமுகம் செய்ய வேண்டும், அத்துடன் மொத்த ரிப்போர்ட்டையும் இங்கிலீஷில் சரிபார்த்துத் தர வேண்டும். கடைசிப் பாகத்துக்கும் எடை வைத்தோம். அதை எடுப்பவர் கேள்வி நேரத்தை நடத்த வேண்டும். அதாவது எந்தக் கேள்வி யாருக்கு என்று திருப்பிவிடுவது, யாருக்கும் தெரியாததைத் தானே எடுப்பது.

மறுபடி சீட்டு. ரிப்போர்ட் வேலை சேர்ந்ததும் எனக்கு வரலாற்று ஆசை போய்விட்டது, கேள்வி நேரம் உள்ள கடைசிப் பாகத்தை எழுதினேன். எண்ணூருக்குத் திடீர்க் கேள்வி என்றாலே ஆகாது, எண்கள் போய்ப் படங்கள் மட்டும் நின்ற நான்காவது பாகத்தை எழுதினான். பெரம்பூர் வரலாற்றை விடவில்லை, ரிப்போர்ட் திருத்துவது அவளுக்குச் சுமையே இல்லை. மற்ற இருவரும் மாறவில்லை. ஐந்து சீட்டு, ஐந்து பாகம். இரண்டாவது சுற்றிலும் பொருந்தாமல் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் எடை மாற்றியிருப்போம். கையில் நகர்த்த வேறு வேலைகளும் இருந்தன: ஸ்லைடு அடுக்குவது, பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுவது, பேசும்போது நேரம் பார்ப்பது. இந்தச் சில்லறை வேலைகளை முன்கூட்டியே யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது, தராசைச் சமன் செய்ய அவைதான் கையில் இருக்கும் படிக்கல். ஸ்லைடு அடுக்கும் வேலை கடைசியில் என்னிடம் வந்தது, ஏனென்றால் எனக்குப் பேசும் நேரம்தான் எல்லோரையும்விடக் குறைவு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. யாராக இருந்தாலும் குறைந்தது இரண்டு நிமிடம் பேசியே ஆக வேண்டும். தனி மதிப்பெண் 20 என்று இருக்கும்போது, ‘நான் பின்னாடி வேலை பாக்குறேன், நீங்க பேசுங்க’ என்பது தியாகம் மாதிரித் தெரியும், மார்க் லிஸ்ட் வரும்போது கசக்கும்.

நேரத்தைப் பிரித்தது இப்படி. கையில் இருபது நிமிடம் என்றால் பேசக் கிடைப்பது இருபது இல்லை. பென் டிரைவைச் செருகி, புரொஜெக்டர் பிடித்து, முதல் ஸ்லைடு வரும்வரை ஒரு நிமிடம் போகும். ஒருவர் போய் அடுத்தவர் வந்து நின்று தொண்டையைச் செருமி ஆரம்பிக்கக் கால் நிமிடம், நாலு மாற்றத்துக்கு ஒரு நிமிடம். கைக்காவல் ஒரு நிமிடம். மிச்சம் பதினேழு. அதில் வரலாற்றுக்கு 4, மதகுக்கு மூன்றரை, புயலுக்கு 3, இன்றைய நிலைக்கு நாலரை, எனக்கு 2. எழுதிவைத்த பேச்சைச் சத்தமாகப் படித்துப் பார்த்ததில், தமிழில் நிதானமாகப் பேசினால் எங்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் தொண்ணூறு சொற்கள் வந்தன. அப்படியென்றால் மூன்று நிமிடப் பாகத்துக்கு 270 சொற்கள், நோட்டில் ஒன்றரைப் பக்கம். அதற்குமேல் எழுதிவிட்டு ‘வேகமா பேசிடுறேன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணூருக்கு மட்டும் கணக்கு வேறு, அவனுக்குச் சொல்லைக் குறைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் தாளில் ‘நில்’ என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தோம்.

முதலில் பேசுகிறவர் நேரத்தைத் தின்றால் பட்டினி கிடப்பது கடைசியில் நிற்பவர். இது எல்லாக் குழுக்களிலும் நடப்பது, கடைசி ஆள் ஸ்லைடுகளைத் தள்ளிக்கொண்டே ‘டைம் இல்லாததால’ என்பார். எங்கள் ஏற்பாடு: ஒவ்வொருவரும் தன் பாகத்தில் எடுத்தாலும் குறை தெரியாத ஒரு பத்தியைப் பென்சிலால் கட்டம் போட்டு வைக்க வேண்டும். நேரம் மீறினால் மீறியவரே தன் கட்டத்தை விட வேண்டும், அடுத்தவரின் நேரத்தைத் தொடக் கூடாது. பெரம்பூரின் கட்டத்தில் இருந்தது கவர்னரின் முழுப் பட்டப்பெயரும் பதவிக்காலமும். மேடையில் அவள் அதை விட்டதை யாரும் கவனிக்கவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்த ஒரு நண்பனிடம் நேரம் பார்க்கச் சொல்லியிருந்தோம், ஒரு நிமிடம் இருக்கும்போது நோட்டை மூடி மேசைமேல் வைப்பான். கையைத் தூக்கிக் காட்டுவது வேண்டாம், பேசுகிறவருக்குப் பதற்றம்தான் கூடும்.

ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் ஐந்து பேச்சு ஒரே பேச்சாகிறதா என்பது தெரியும். ‘அடுத்து என் தோழி பேசுவார்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கினால் அது ஐந்து தனித்தனிப் பேச்சு. எங்கள் பாகங்கள் கேள்விகளாகவே இருந்ததால், முடிக்கிறவர் அடுத்தவரின் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒதுங்கினால் போதும் என்று வைத்தோம். பெரம்பூர் இங்கிலீஷில் பேசி, “உப்புத்தண்ணி ஏறி இறங்குற கால்வாய்ல படகு தரைதட்டாம எப்படிப் போச்சு?” என்று தமிழில் கேட்டு நிறுத்தினாள். கொருக்குப்பேட்டை தமிழிலேயே தொடங்கினாள். மொழி மாறியது யாருக்கும் உறுத்தவில்லை. கரும்பலகையில் மதகை வரைந்து, கதவு திறந்ததும் படகு எந்தப் பக்கம் போகும் என்று எங்கள் வகுப்பையே கேட்டாள். அவளுடைய தாத்தா சின்ன வயதில் பார்த்த விறகுப் படகுகளைப் பற்றி ஒரு வரி சொன்னாள். அதை எழுதி வைத்திருக்கவே இல்லை, அங்கேயே வந்தது. இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று குழுவே முடிவு செய்திருந்தால் இந்தப் பாகம் கெட்டிருக்கும். ஸ்லைடில் சொற்கள் இங்கிலீஷில், வாயில் தமிழ், இது வடசென்னையில் எந்த வகுப்புக்கும் பழக்கமான ஏற்பாடுதான்.

ஒருவர் வராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு, ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த பாகத்தையும் தெரிந்து வைத்திருந்தோம், ஐந்தாவது ஆள் முதல் பாகத்தை. முழுதாக இல்லை, பாகத்துக்கு நாலு வரி: என்ன நடந்தது, எப்போது, ஏன், ஸ்லைடில் எதைக் காட்ட வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்று சொன்னால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள், பக்கத்துப் பாகம் ஒன்று என்றால் படிப்பார்கள். யாரும் விடுப்பு எடுக்கவில்லை, ஆனால் இது கேள்வி நேரத்தில் உதவியது. மேடம் கொருக்குப்பேட்டையிடம் கேட்டது மதகைப் பற்றி இல்லை, 1965 புயலைப் பற்றி. அது அவளுடைய அடுத்த பாகம், நாலு வரியில் ஒன்றைச் சொன்னாள்.

கேள்விகளைத் திருப்பிவிடுவதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. கேள்வி வந்ததும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் குழு தயாராக இல்லை என்று காட்டிக்கொடுப்பது. அதனால் கேள்வியை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஆளைச் சுட்டுவேன், அவருக்கு யோசிக்க ஒரு மூச்சு கிடைக்கும். பெரம்பூருக்குக் கேள்வி வந்தால் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பிச் சொல்வேன். நகரக் கழிவுநீரை நிறுத்தாமல் கால்வாயைத் தூர்வாரிப் பயன் உண்டா என்று ஒரு மாணவர் கேட்டார். அதை எண்ணூரிடம் தள்ளியிருக்கலாம், அது அவன் பாகம். ஆனால் திடீர்க் கேள்வியை அவனிடம் போட மாட்டோம் என்பதற்காகத்தான் அவன் அந்தப் பாகத்தையே எடுத்தான். நானே எடுத்துக்கொண்டேன், அவன் பின்னால் கொருக்குப்பேட்டைப் படத்தைத் திரையில் கொண்டுவந்தான்.

இந்த முறை எல்லாக் குழுவுக்கும் சரிவராது. சீட்டு போட ஐந்து பேரும் வர வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் நீல டிக் மட்டும் வைத்துவிட்டுக் காணாமல் போகிறவர் இருந்தால் எடையை எப்படி மாற்றினாலும் பொருந்தாது. பக்கத்துக் குழு ஒன்றில் அப்படித்தான் ஒருவர் இருந்தார். அவர்கள் தலைப்பை நாலாக வெட்டிவிட்டு, அவருக்கு ஒரு நாலு வரிப் பாகத்தைத் தனியாக வைத்தார்கள். வந்தால் பேசட்டும், வராவிட்டால் மற்றவர்களின் பேச்சில் ஓட்டை விழாது. என் பார்வையில் அதுவும் நியாயமான பங்குதான். அவர் கடைசி நாளில் வந்து, அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, தனி மதிப்பெண்ணில் அதற்குரியதை வாங்கிக்கொண்டார்.

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன அட்டவணை வைத்தோம், பெரம்பூரின் யோசனை. இடப்பக்கம் பெயர், நடுவில் பேசிய பாகமும் நிமிடமும், வலப்பக்கம் மேடையில் தெரியாத வேலை: ரிப்போர்ட் திருத்தம், மதகுப் படம் வரைந்தது, புயல் பற்றிய பழைய செய்திகள் தேடியது, புகைப்படம், ஸ்லைடு. கீழே ஐந்து பேரின் கையெழுத்து. இதைக் கேட்கவில்லையே என்று மேடம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தனி மதிப்பெண் போட்டார்.